சலவைப் பிரிவுக்கு ஒரு பக்கம்

எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகப் பிரிவில் அவரை ரேடியோ அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். காலையில் பையை மேஜையில் வைக்கும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் பையை எடுக்கும்போதுதான் நிறுத்துவார். பேருந்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளின் மாமியார் என்ன சொன்னார், அதற்கு அவள் என்ன சொன்னாள், அவள் சொன்னதைப் பற்றி அக்கா என்ன நினைத்தார், நினைத்ததை அவளிடம் சொல்லாமல் ஏன் விட்டார் என்று ஒரு சின்ன விஷயத்துக்குப் பெரிய ஊர்வலமே நடக்கும். அவர் கணவர் பம்பு ரிப்பேர் செய்கிறவர், வாயைத் திறக்கவே கூலி கேட்பார் என்று அக்காவே சொல்வார்.

அப்படிப்பட்டவர் பேப்பரில் எழுத உட்கார்ந்தால் ஆளே மாறிவிடுவார். போர்டு கூட்டத்தில் அரை நாள் நடந்த வாக்குவாதத்தை ஏழெட்டு வரியில் எழுதிக் கொடுப்பார். யாரும் திருத்த மாட்டார்கள். அட்மிஷன் கவுன்ட்டரில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, போர்டு பிரிவில் அதிகாரியாக வந்தவர். நான் அவருக்கு அடுத்த மேஜை. அதனால்தான் இந்தக் கதை முழுக்க எனக்குத் தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரியை ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. அதன் போர்டில் டாக்டர்கள், வியாபாரிகள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் என்று பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போகிற பேப்பர் ஒவ்வொன்றும் செங்கல் கனம். போன தடவை நடந்த கூட்டத்தில் வாகன நிறுத்தத்துக்குக் கூரை போடுகிறோம் என்று நினைத்து எல்லோரும் கை தூக்கினார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த இடத்தையே ஒரு கான்ட்ராக்டருக்குக் குத்தகைக்கு விட ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள் என்று. கூரை என்ற சொல் முதல் பக்கத்தில் இருந்தது. குத்தகை என்ற சொல் எங்கேயோ நடுவில் இருந்தது.

சேர்மன் கொதித்துப் போனார். இனிமேல் எந்தப் பேப்பர் வந்தாலும் அதன் மேல் ஒரே ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்தப் பக்கத்தில் போர்டிடம் கேட்கப்படும் முடிவு என்ன, எந்தெந்த வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பணம் எவ்வளவு, நிர்வாகம் எதைப் பரிந்துரைக்கிறது, இவ்வளவும் இருக்க வேண்டும். கேட்கிற முடிவு முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம்.

போர்டின் செயலர் அந்தப் பொறுப்பை நேராக அக்காவிடம் கொண்டுவந்தார். அக்கா சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார். அவருக்கு வந்த முதல் பேப்பர் சலவைப் பிரிவை நவீனப்படுத்துவது பற்றியது.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஆக்சிஜன் டேங்கைத் தாண்டிப் போனால் சலவைப் பிரிவு. வார்டுகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி எல்லாம் அங்கேதான் வெளுக்கின்றன. வெந்நீருக்கும் ஆவிக்கும் ஒரு பழைய கொதிகலன். அது இருமுகிற சத்தம் சில நாள் எங்கள் ஜன்னல் வரைக்கும் கேட்கும்.

பேப்பரை எழுதியவர் எஞ்சினியர். அவர் மட்டும் எழுதவில்லை. ஃபைனான்ஸ் பிரிவு கொஞ்சம், வெளியிலிருந்து வந்த ஆலோசகர் கொஞ்சம், போன வருஷம் வேலையை விட்டுப் போன ஒருவர் கொஞ்சம் என்று ஒட்டுப் போட்டது. அக்கா ஒரு முறை படித்தார். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இன்னொரு முறை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதுல என்னதான் கேக்குறாங்க?"

"சலவைக்கு மெஷின் வாங்கணும்னு கேக்குறாங்களோ என்னவோ."

"அதான் எனக்கும் தெரியலை. முதல் பக்கத்துல 'கொள்கை அளவில் ஒப்புதல்'னு இருக்கு. நடுவுல 'போர்டு கவனத்தில் கொள்ளவும்'னு இருக்கு. கடைசி இணைப்புல ஒரு சலவைக் கம்பெனியோட ஒப்பந்தமே தயாரா இருக்கு, சேர்மன் கையெழுத்துக்குக் கோடு போட்டு. கவனிக்கிறதா, சரின்னு சொல்றதா, கையெழுத்துப் போடுறதா? மூணும் வேற வேற விஷயம்."

எஞ்சினியரைப் பார்க்கப் போனார். அவர் நல்ல மனுஷர். தலைக்கு மேல் வேலை வைத்துக்கொண்டு, லிஃப்ட் நின்றாலும் ஏசி நின்றாலும் அவரே ஓடுவார். என்ன பேசினார்கள் என்பதை அக்கா வந்து அப்படியே நடித்துக் காட்டினார்.

"சார், போர்டுகிட்ட உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒப்புதல் வேணும்."

"எதுக்கு?"

"பேப்பருக்கு."

"பேப்பருக்கு ஒப்புதல் கொடுத்தா அப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

எஞ்சினியர் கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரைச் சுழற்றிக்கொண்டிருந்தாராம். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுத் தேநீர் வரவழைத்தாராம். தேநீர் குடித்து முடித்த பிறகு, சலவையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்பதுதான் தன் எண்ணம் என்றும், அதைத்தான் பேப்பர் சொல்கிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.

"அப்படின்னா மூணு முடிவு கேக்குறோம் சார். எந்த வழின்னு போர்டு தேர்ந்தெடுக்கணும். அதுக்கான பணத்தை அனுமதிக்கணும். கையெழுத்துப் போட யாருக்காவது அதிகாரம் கொடுக்கணும். சரியா?"

"சரிதான்னு நினைக்கிறேன்" என்றார். அந்த 'நினைக்கிறேன்' அக்காவை நாள் முழுக்கத் தொந்தரவு செய்தது.

வழிகளுக்கு வந்தார். பேப்பரில் இரண்டு வழிகள்தான் இருந்தன. புது மெஷின்களும் கொதிகலனும் வாங்குவது ஒன்று. வெளிக் கம்பெனிக்குக் கொடுப்பது இன்னொன்று. இருப்பதைப் பழுது பார்த்து ஓட்டுவது என்ற வழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அக்கா எஞ்சினியருக்கு ஃபோன் போட்டார்.

"அது ஒரு வழியே இல்லை அக்கா. கொதிகலன் எந்த நேரமும் போயிடும்."

"எப்பப் போகும்?"

"பழுது பார்த்தா ரெண்டு வருஷம் தாங்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

"ரெண்டு வருஷம் தாங்கும்னா அது வழிதானே சார். வேண்டாம்னு போர்டு சொல்லட்டும். நம்மளே மறைச்சு வெச்சா அது தேர்ந்தெடுத்ததா ஆகாது."

அவர் பெருமூச்சு விட்டு, பழுது பார்க்கும் செலவை எழுதி அனுப்பினார்.

அடுத்தது பணம். அங்கேதான் அக்காவுக்குத் தலை சுற்றியது. பேப்பரின் பெரிய அட்டவணையில், ஐந்து வருஷத்துக்குப் புது மெஷின் வழி ஐந்நூறு லட்சம், வெளிக் கம்பெனி வழி முந்நூற்று நாற்பது லட்சம் என்றும், நூற்று அறுபது லட்சம் மிச்சம் என்றும் தடித்த எழுத்தில் இருந்தது. ஆனால் பின்னால் ஒரு இணைப்பில் அதே கம்பெனிக்கு அதே ஐந்து வருஷத்துக்கு முந்நூற்று எழுபத்தாறு என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்தார். பிறகு பிழை இல்லையோ என்று நினைத்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் முட்டாளா, இல்ல இவங்க என்னை முட்டாளாக்குறாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

ஃபைனான்ஸ் மேடம் அறிவாளி, கொஞ்சம் முன்கோபி. தன் கணக்கைக் கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்காது. அக்கா போய் இரண்டு எண்ணையும் அவர் முன்னால் வைத்தார்.

"எது சரி மேடம்?"

மேடம் பார்த்தார். கம்ப்யூட்டரில் எதையோ திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"ஒப்பந்தத்துல வருஷத்துக்கு அஞ்சு சதவீதம் ஏத்தம்னு ஒரு பிரிவு இருக்கு. நாங்க அட்டவணை போட்டப்ப அந்தப் பிரிவு இல்லை. அப்புறம் வந்து சேர்ந்திருக்கு." கால்குலேட்டரைத் தட்டினார். "அறுபத்தெட்டுல ஆரம்பிச்சு வருஷா வருஷம் ஏறினா முந்நூத்தி எழுபத்தாறுதான் வரும். அதுதான் சரி."

அக்கா விடவில்லை. துணி வெளியே போய்த் திரும்பி வர நேரம் பிடிக்கும், அதனால் வார்டுகளுக்கு இன்னொரு செட் விரிப்பு வாங்க வேண்டும் என்று ஒரு இணைப்பில் முப்பத்தாறு லட்சம் இருந்தது. சலவைப் பிரிவு ஆட்களுக்கு வேலை போனால் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகை இன்னொரு இணைப்பில் இருந்தது. இரண்டும் அட்டவணையில் இல்லை.

"ஈட்டுத்தொகை எவ்வளவுன்னு எப்படிச் சொல்றது? வார்டு வேலைக்கு மாறிக்கிறேன்னு எத்தனை பேர் சொல்வாங்கன்னு தெரியாதே. நிறையப் பேர் மாறினா நாற்பத்தஞ்சு. யாருமே மாறலைன்னா எண்பது."

"அப்படின்னா ரெண்டையும் எழுதிடறேன்."

"போர்டுக்கு ரெண்டு எண் கொடுப்பீங்களா? நமக்குத் தெரியாதுன்னு எழுதற மாதிரி இருக்கும்."

"நமக்குத் தெரியாதுதானே மேடம்."

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சாயங்காலத்துக்குள் மூன்று வழிகளுக்கும் புதுக் கணக்கு போட்டு அனுப்பிவிட்டார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அக்காவுக்குக் குழப்பம் தீரவில்லை, கூடியது. பழுது பார்த்து ஓட்டினால் ஐந்து வருஷத்தில் நானூற்று அறுபத்தெட்டு. புது மெஷின் ஐந்நூறு. வெளிக் கம்பெனி, எல்லாம் சேர்த்தால், நானூற்று ஐம்பத்தேழிலிருந்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரை. நூற்று அறுபது லட்சம் மிச்சம் காற்றோடு போய்விட்டது. மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. அதிலும் முதல் வழிக்கு ஐந்து வருஷக் கணக்கே சந்தேகம், கொதிகலன் இரண்டு வருஷத்துக்குத்தான் உத்தரவாதம்.

"இதுல எது நல்லதுன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார்.

"நீங்க எதுக்கு அக்கா சொல்லணும்? போர்டுதானே சொல்லணும்."

"அது எனக்கும் தெரியும். ஆனா எதை முதல்ல எழுதறேனோ அதுதானே அவங்க கண்ணுல முதல்ல படும்."

இதற்குள் வேறொரு சிக்கல் முளைத்துவிட்டது. போர்டு பார்க்கும் முன்னால், பேப்பரைத் தயாரிக்கிறவர்களைத் தவிர வேறு யாரிடமும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்கள் பிரிவின் விதி. ரேடியோ அக்கா விதியை மீறுகிறவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு விஷயத்தை மட்டும் ஒதுக்கிவைத்து மற்றதையெல்லாம் பேசத் தெரியாது. அதனால் பேச்சையே நிறுத்திவிட்டார். கேன்டீனில் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். லிஃப்ட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேருந்துக் கதை வரவில்லை, மாமியார் கதை வரவில்லை.

சலவைப் பிரிவின் சூப்பர்வைசர் அக்காவுக்குப் பழைய தோழி. தினமும் கேன்டீனில் ஒன்றாகத்தான் உட்காருவார்கள். அந்த அம்மா முதல் நாள் உடம்புக்கு முடியவில்லையோ என்று கேட்டார். அடுத்த நாள் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். அதற்கும் அடுத்த நாள் எதுவும் கேட்கவில்லை. நேராகத் தன் பிரிவுக்குப் போய், "ரேடியோ நின்னு போச்சு. என்கிட்ட மட்டும் கண்ணைப் பார்த்தே பேச மாட்டேங்குறா. நம்ம பிரிவைப் பத்தித்தான் மேல ஏதோ நடக்குது" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். அக்கா ஒரு சொல்கூடச் சொல்லாமல் விஷயம் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியது. கைகழுவும் இடத்தில் எனக்கே மூன்று விதமாகச் சொன்னார்கள். சலவைப் பிரிவை மூடப் போகிறார்கள், சலவைப் பிரிவை விற்கப் போகிறார்கள், சலவைப் பிரிவு இருக்கும் இடத்தில் ஸ்கேன் சென்டர் வரப் போகிறது.

செயலர் அக்காவைக் கூப்பிட்டார். கதவு பாதி திறந்திருந்தது.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லலை சார்."

"பின்னே எப்படி வெளிய போச்சு?"

"நான் பேசாம இருந்தேன் சார். அதுல கண்டுபிடிச்சுட்டாங்க."

செயலர் நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் அக்காவையே பார்த்தார். பிறகு, "நாளையிலருந்து பழையபடி பேசுங்க" என்றார். அக்காவால் முடியவில்லை. பொய்யாகப் பேருந்துக் கதை சொல்ல முயன்று பாதியில் நிறுத்திவிட்டார். கதை எங்கே போகிறது என்று அவருக்கே மறந்துவிட்டது.

வீட்டில் என்ன நடந்தது என்பதையும் பின்னால் சொன்னார். பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக் கணவர் பார்த்துப் பயந்து, டாக்டரிடம் போகலாம் என்றாராம். "எனக்கு ஒண்ணும் இல்லை. ஒரு பக்கம் எழுதணும்" என்றாராம் இவர். "ஒரு பக்கம்தானே" என்று அவர் ஆறுதல் சொன்னாராம்.

எழுதிய முதல் வரைவு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றரைப் பக்கம் வந்தது. எஞ்சினியர் எழுத்தைச் சின்னதாக்கலாம் என்றார். சேர்மன் கண்ணாடியை மாற்றியே இரண்டு மாதம்தான் ஆகிறது என்று செயலர் மறுத்துவிட்டார். அக்கா வெட்ட ஆரம்பித்தார். சலவைப் பிரிவின் வரலாறு போனது. மற்ற ஆஸ்பத்திரிகள் என்ன செய்கின்றன என்பது போனது. மெஷின் வகைகள் போயின. ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்டார்: இது இல்லாவிட்டால் போர்டு எடுக்கும் முடிவு மாறுமா? மாறாது என்றால் பேப்பரின் பக்க எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வரியை அடித்தார்.

வழிகளைப் பேப்பரில் இருந்த வரிசையில் வைக்கவில்லை, பிடித்த வரிசையிலும் வைக்கவில்லை. இப்போது இருக்கும் நிலையிலிருந்து குறைந்த மாற்றம் முதலில், பெரிய மாற்றம் கடைசியில். பழுது பார்ப்பது, புது மெஷின், வெளிக் கம்பெனி. அதற்கும் எஞ்சினியர் முகம் சுளித்தார். "என் பரிந்துரை கடைசியில வருதே."

"பரிந்துரைன்னு தனியா ஒரு தலைப்பு இருக்கே சார். அதுல உங்க பேச்சைத்தான் எழுதறேன். ஆனா நூத்தி அறுபது லட்சம் மிச்சம்ங்கறதை எழுத மாட்டேன். இப்பவும் வெளிக் கம்பெனிதான் வேணும்னா காரணம் சொல்லுங்க."

எஞ்சினியர் இரண்டு நாள் யோசித்தார். கொதிகலன் நடுவில் நின்றால் ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி இருக்காது, அந்தப் பயத்தோடு ஓட்ட முடியாது என்பதுதான் தன் காரணம் என்று சொன்னார். அது நியாயமான காரணம் என்று அக்காவுக்கும் பட்டது. பட்டதும் இன்னும் குழம்பினார். அதுவரை அவர் மனசுக்குள் வெளிக் கம்பெனி என்பது கெட்ட வழி என்று முடிவு கட்டி வைத்திருந்தார். தோழி வேலை பார்க்கும் இடம் அல்லவா.

அதை நினைத்ததும் செயலரிடம் போய்ச் சொல்லிவிட்டார். "சார், சூப்பர்வைசர் எனக்கு வேண்டியவங்க. வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க."

"வேற யார் இருக்கா?" என்றார் செயலர். "எழுதுங்க. நான் ஒரு கண்ணு, ஃபைனான்ஸ் ஒரு கண்ணு பார்க்கறோம்."

அதற்குப் பிறகு அக்கா தன் பக்கத்தைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்தார். ஒரு வாக்கியம் சலவைப் பிரிவுக்குச் சாதகமாக இருக்கிறதோ என்று திருத்துவார். திருத்தியது எதிராகச் சாய்கிறதோ என்று மறுபடி திருத்துவார். 'வேலை இழப்பர்' என்று எழுதினால் ஒரு பக்கம் சாய்கிறது, 'பணியாளர் மாற்றம்' என்று எழுதினால் இன்னொரு பக்கம் சாய்கிறது. கடைசியில் 'இருபத்துமூன்று பணியிடங்கள் நீங்கும்' என்று எழுதி, அதையும் சந்தேகத்தோடு விட்டார்.

போர்டுக்குப் போன பக்கம் இப்படி இருந்தது. மேலே, கேட்கப்படும் முடிவுகள்: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, அதற்கான நிதியை அனுமதிப்பது, ஒப்பந்தத்திலோ கொள்முதல் ஆணையிலோ கையெழுத்திட நிர்வாக இயக்குநருக்கு அதிகாரம் கொடுப்பது. அதன் கீழே ஒவ்வொரு வழிக்கும் இரண்டு வரி, நன்மை ஒன்று, ஆபத்து ஒன்று. அதன் கீழே ஒரு சின்ன அட்டவணை: ஒரு முறைச் செலவு, வருடாந்திரச் செலவு, ஐந்து வருஷ மொத்தம், இந்த வருஷ பட்ஜெட்டில் இருக்கும் ஐம்பது லட்சத்துக்குள் அடங்குமா அடங்காதா. பழுது பார்ப்பது பதினெட்டு லட்சம், அடங்கும். புது மெஷின் நூற்று நாற்பது, தொண்ணூறு லட்சம் அறக்கட்டளையின் சேமநிதியிலிருந்து எடுக்க வேண்டும். வெளிக் கம்பெனிக்கு முதல் வருஷமே எண்பத்தொன்று முதல் நூற்றுப் பதினாறு வரை ஒரு முறைச் செலவு, அதுவும் அடங்காது. அட்டவணைக்குக் கீழே இரண்டு வரிகள். முதல் வழியின் ஐந்து வருஷக் கணக்கு கொதிகலன் அதுவரை தாங்கும் என்ற ஊகத்தில் போட்டது. ஈட்டுத்தொகை இன்னும் உறுதியாகவில்லை, காரணம் பணியாளர்களிடம் கேட்கப்படவில்லை. கடைசியில் நிர்வாகத்தின் பரிந்துரை, மூன்றாவது வழி, காரணத்தோடு.

பக்கமும் பேப்பரும் முரண்படக் கூடாது என்பதால் பேப்பரின் அட்டவணைக்கு ஒரு திருத்தத் தாளையும் மேடமே எழுதி இணைத்தார். கையெழுத்துப் போடும்போது, "உங்களால எனக்கு ஒரு வாரம் தூக்கம் போச்சு" என்றார். கோபமா பாராட்டா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

கூட்ட அறையில் நாங்கள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தோம். சலவைப் பிரிவு வந்ததும் எல்லோரும் அந்த ஒரு பக்கத்தை எடுத்தார்கள். செங்கல்லை யாரும் தொடவில்லை. பக்கம் புரட்டும் சத்தமே இல்லாத அமைதி எனக்குப் புதிதாக இருந்தது.

ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர்தான் முதலில் பேசினார். "மூணும் கிட்டத்தட்ட ஒரே செலவுதானே. அப்புறம் எதுக்கு அவசரம்?"

எஞ்சினியர் கொதிகலனைப் பற்றிச் சொன்னார். டாக்டர் உறுப்பினர் தியேட்டர் துணியைப் பற்றிக் கவலைப்பட்டார். ஒரு வியாபாரி சேமநிதியைத் தொடக் கூடாது என்றார். பிறகு சேர்மன் கண்ணாடியைக் கழற்றி அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"பணியாளர்களிடம் கேட்கப்படவில்லைன்னு போட்டிருக்கு. ஏன் கேக்கலை?"

"போர்டு முடிவெடுக்கும் முன்னால கேக்கக் கூடாதுன்னு விதி இருக்குங்க" என்றார் செயலர்.

"அவங்க பதில் தெரியாம நான் எப்படி முடிவெடுக்கறது?"

அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். கடைசியில் யாருமே எதிர்பார்க்காத முதல் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். கொதிகலனைப் பழுது பார்க்கப் பதினெட்டு லட்சம் அனுமதி. தியேட்டருக்கு மட்டும் அவசரத் துணி இருப்பு. பணியாளர்களிடம் கேட்டு, ஒரு வருஷத்துக்குள் புதுப் பேப்பர். கூட்டம் முடிந்து போகும்போது சேர்மன் எங்கள் பக்கம் திரும்பி, "தெளிவா இருந்தது" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா என்னைப் பார்த்தார். "எனக்கே ஒண்ணும் தெளிவா இல்லையே. அவருக்கு எது தெளிவா இருந்ததாம்?"

முடிவு அறிவிப்புப் பலகையில் வந்த அன்று சலவைப் பிரிவுக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அக்கா தோழியைக் கட்டிக்கொண்டு அழுவார், அல்லது தோழி அழுவார் என்று நான் நினைத்தேன். சூப்பர்வைசர் அம்மா விரிப்புகளை எண்ணிக்கொண்டு நின்றார்.

"அந்த ஒரு பக்கம் நீதான் எழுதினியாமே."

"ஆமா."

"புது மெஷின் வேணும்னு நாங்க கேக்க ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? பழுது பார்த்து ஓட்டுறதுன்னு ஒண்ணை நீ எழுதலைன்னா, வாங்கினாலும் வாங்கியிருப்பாங்க."

"எழுதலைன்னா வெளிக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தா?"

"கொடுத்திருக்கலாம். தெரியலை." அவர் குரலில் கோபம் பாதி, அசதி பாதி. "ஆனா அந்த உலையை இன்னும் ரெண்டு வருஷம் கட்டிக்கிட்டு அழணுமே, அது எனக்குத் தெரியும்."

இஸ்திரி மெஷினில் நின்ற பெரியவர் வேலையை நிறுத்தாமல் பேசினார். "ஈட்டுத்தொகை வரும்னு சொன்னாங்கம்மா. வந்திருந்தா பொண்ணு வீட்டோட போய் ஒரு சின்னக் கடை போட்டிருப்பேன். முதுகு இனி தாங்காது." ஈரத் துணித் தள்ளுவண்டியைப் பிடித்திருந்த இளம்பெண் அவரை முறைத்தாள். "உங்களுக்குக் கடை. எனக்கு இந்த வேலை போனா ரெண்டு பசங்களை யார் பார்ப்பா?" அவள் அக்காவின் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிங்க" என்றாள். அக்கா அந்தக் கையை எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றார்.

திரும்பி வரும்போது ஆக்சிஜன் டேங்க் அருகே நின்றுவிட்டார். "நான் யாருக்கு நல்லது பண்ணேன்?" என்றார்.

"நீங்க ஒரு பக்கம் எழுதினீங்க. அவ்வளவுதான் அக்கா."

"அவ்வளவுதானா?" என்றார். அது கேள்வியா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

சில மாதம் கழித்துக் கொதிகலன் பழுது முடிந்தது. இருமல் குறைந்தது, நிற்கவில்லை. பணியாளர்களிடம் கேட்கும் வேலையைச் செயலர் அக்காவிடமே கொடுத்தார். தோழியின் பிரிவு என்பதால் ஃபைனான்ஸிலிருந்து ஒருவரும் கூட இருக்கட்டும் என்று அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். மெஷின்களின் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார். வார்டு வேலைக்கு மாறுவீர்களா, தொகை வாங்கிக்கொண்டு போவீர்களா. இஸ்திரிப் பெரியவர் போவேன் என்றார், பேரன் பிறந்திருப்பதால் யோசித்துச் சொல்கிறேன் என்று மறுநாள் மாற்றினார். இளம்பெண் மாறுவேன் என்றாள், ராத்திரி ஷிஃப்ட் இருக்குமா என்று கேட்டுவிட்டு அவளும் யோசித்தாள். சூப்பர்வைசர் அம்மா, "நீயே சொல்லேன், நான் என்ன பண்ணட்டும்?" என்று தோழியையே கேட்டார். அக்காவுக்கு அன்று ரேடியோ வேலை செய்யவில்லை.

எஞ்சினியர் புதுப் பேப்பருக்கு ஆள் கணக்குக் கேட்டு வந்தார். இந்தத் தடவை அவர் ஒரு பக்கத்தை முதலில் எழுதிக்கொண்டு வந்திருந்தார், செங்கல்லைப் பிறகு எழுதுவதாகச் சொன்னார். முதல் வரியில் கேட்கப்படும் முடிவு இருந்தது. அதில் இரண்டு முடிவுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருந்தன. அக்கா பென்சிலால் பிரித்துக் கொடுத்தார்.

"மாறுறவங்க எத்தனை, போறவங்க எத்தனை?" என்றார் எஞ்சினியர்.

"மாறுறவங்க அஞ்சு. போறவங்க நாலு. மீதிப் பேர் தெரியலைன்னாங்க."

"தெரியலைங்கறதை எந்தப் பக்கம் போடுறது?"

அக்கா தாளை வாங்கி, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார். கோடு கோணலாக வந்தது. அளவுகோல் வைத்து மறுபடி வரைந்தார்.